நெட் இல்லாத வீட்டில் ஒன்பது வீடியோ

அப்பா வந்து இறங்கியபோது அம்மா போய் இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. எஞ்சின் அறையில் எண்ணெய் போடுபவர். கப்பல் நடுக்கடலில் இருந்தால், வீட்டில் எது நடந்தாலும் அடுத்த துறைமுகம் வரும்வரை இறங்க வழியில்லை. செய்தி போன அன்று கப்பல் போனிலிருந்து நான்கு நிமிடம் பேசினார். பேசினார் என்று சொல்வதே அதிகம். மூன்றரை நிமிடம் எஞ்சின் இரைச்சல்தான் கேட்டது. கடைசியில் சின்ன மகளைக் கூப்பிடச் சொல்லி, அவளிடம் மட்டும் ஒன்று சொன்னார்.

“எல்லாத்தையும் வீடியோ எடுத்து வை. நான் வந்து பார்க்கணும். முகத்த நல்லா எடு.”

“சரிப்பா” என்றாள் சின்னவள்.

பொறுப்பை அவளிடம் கொடுத்ததில் தவறு சொல்ல முடியாது. பகலில் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை, சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்பு. எதையும் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு செய்கிறவள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று மூன்று மாடி ஏறிவந்து பார்த்துவிட்டுப் போகிற ரகம். அக்கா அவளை ‘நோட்டுக்காரி’ என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த அக்காதான், அம்மாவைக் கிடத்தியிருந்த அன்றைக்கு, வாசலில் நின்றுகொண்டு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்: “தயவு பண்ணி யாரும் போனை எடுக்காதீங்க. அவ ஒருத்தி எடுக்கிறா, அது போதும்.” அக்கா துணித் தொழிற்சாலையில் தையல் பிரிவுக்கு மேற்பார்வையாளர். அவள் ஒன்று சொன்னால் நாற்பது மெஷின் நிற்கும். அத்தனை போனும் பைக்குள் போயின.

சின்னவள் எடுத்தாள். எடுத்ததாக நினைத்தாள்.

நடந்தது இதுதான். வேலை செய்கிறதா என்று பார்க்க, முதலில் வாசல் நடையிலேயே ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். அதை நிறுத்த மறந்தாள். உள்ளே அம்மாவின் அருகே போய் ‘ஆரம்பி’ என்று அமுக்கியபோது ஓடிக்கொண்டிருந்தது நின்றது. பிறகு ‘நிறுத்து’ என்று அமுக்கியபோது ஓட ஆரம்பித்தது. கடைசிவரை அப்படியே போயிற்று. திரையில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொரு கம்பி.

அன்று ராத்திரியே கேலரியைத் திறந்தாள். ஒன்பது வீடியோ, மொத்தம் முப்பத்தொரு நிமிடம். தரை, செருப்பு, நாற்காலிக் கால், சுவர், மறுபடி தரை. ஒன்றில்கூட அம்மாவின் முகம் இல்லை. அவள் அழவில்லை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, மறுநாள் கடைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தொரு நாளாக, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அப்பா காலையில் வந்தார். பெட்டியைக் கூடத்தில் வைத்தார். அம்மா எப்போதும் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதில் உட்காராமல் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். இருபத்தைந்து வருஷ எஞ்சின் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. அதனால் மெதுவாகப் பேசினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

“வீடியோ இருக்கா?”

“இருக்குப்பா.” போனை நீட்டினாள்.

அப்பா வாங்கவில்லை. “இதுல வேண்டாம். அவள இத்தனூண்டா என்னால பார்க்க முடியாது. டிவியில போடு.”

டிவி அம்மா வாங்கியது. லாண்டரியில் ஆஸ்பத்திரித் துணி தேய்த்துப் பணம் சேர்த்து, அப்பா ஊரில் இல்லாதபோது வாங்கிச் சுவரில் மாட்டியது. நாற்பது அங்குலம். அதன் கீழே நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இணைப்பு அம்மாவின் நம்பரில். புதுப்பிக்கச் சொல்லி வந்த செய்திகள் எல்லாம், அலமாரியில் துணிகளுக்கு நடுவே அணைத்து வைத்திருந்த அம்மாவின் போனுக்குத்தான் வந்திருக்கும்.

“நெட்டு போச்சு, டிவியில எப்படி வரும்?” என்றாள் அக்கா.

“நெட்டு எதுக்கு?” என்றார் அத்தான். அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். வயர் இல்லாத எதையும் நம்பாதவர். “படம் இந்தப் போன்ல இருக்கு. டிவி அங்க இருக்கு. நடுவுல நாலடி. இதுக்குப் போய் ஆகாசத்துல சுத்தணுமா? ஒரு வயர் போட்டா வருது.”

“நீங்க போட்ட வயரெல்லாம் எனக்குத் தெரியும். நம்ம வீட்டு காலிங் பெல்ல அமுக்குனா பாத்ரூம் லைட் எரியுது.”

“எரியுதுல்ல? வேலை செய்யுதா இல்லையா?”

அப்பா சிரிக்கவில்லை. டிவியின் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர்கள் நான்கு பேரும் மங்கலாகத் தெரிந்தார்கள்.

சின்னவளின் நோட்டில் இதற்கும் ஒரு பக்கம் இருந்தது. முந்தாநாள் எழுதியது. நான்கு வழி.

ஒன்று, சார்ஜ் வயரை டிவியின் யுஎஸ்பி துளையில் சொருகுவது. இரண்டு, பென் டிரைவ். மூன்று, போன் வாயிலிருந்து டிவிக்குப் படம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ வயர். இந்த மூன்றுக்கும் எதிரே கேள்விக்குறி போட்டிருந்தாள். நான்காவது ஸ்கிரீன் மிரரிங். போன் திரையில் இருப்பதைக் காற்றிலேயே டிவிக்கு அனுப்புவது. அதற்கு எதிரே கேள்விக்குறி இல்லை. ஏனென்றால் முந்தாநாள், துணைக்கு வந்து தங்கியிருந்த அக்கா வேலைக்குப் போயிருந்தபோது, அவள் அதைச் செய்து பார்த்திருந்தாள். நெட் இல்லாமலே இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டன. போனின் முகப்புப் படம் நாற்பது அங்குலத்தில் வந்து நின்றது. பயந்துபோய் உடனே துண்டித்துவிட்டாள்.

இப்போது அந்த நான்காவதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. முதல் வழியிலிருந்து ஆரம்பித்தாள். வரிசையாகத்தானே செய்ய வேண்டும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சார்ஜ் வயரைச் சொருகியதும் போனில் மின்னல் குறி வந்தது. போனில் ‘கோப்பு அனுப்பு’ என்று மாற்றினாள். டிவி அப்படியே இருந்தது.

“டிவி போனுக்குச் சாப்பாடு போடுது. ஆனா பேச மாட்டேங்குது” என்றார் அத்தான்.

“உங்கம்மா மாதிரி” என்றாள் அக்கா.

சில டிவி போனைப் பென் டிரைவ் மாதிரி படிக்கும், சில படிக்காது. இது படிக்காத டிவி. சின்னவள் வயரைப் பிடுங்கிச் சுற்றினாள். மனசுக்குள் ஏதோ இளகியது. அது நிம்மதி என்று தெரிந்தபோது தன்மேல் அருவருப்புகூட வரவில்லை. நிம்மதி, சரி, அடுத்தது என்று இருந்தது.

வகுப்புக்குக் கொண்டுபோகும் பென் டிரைவை எடுத்தாள். அது போனில் நேராக நுழையாது, நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மாற்றி வேண்டும். அதுவும் பென்சில் பெட்டியில் இருந்தது. ஒன்பது வீடியோவையும் குறியிட்டு நகலெடுக்கச் சொன்னாள். நீலக் கோடு மெதுவாக நகர்ந்தது. அப்பா கண் எடுக்காமல் அதைப் பார்த்தார்.

“கப்பல்ல இதுதான்” என்றார். “நெட்டு கிட்டு ஒண்ணும் கிடையாது. யாராவது ஊருக்குப் போய்ட்டு வந்தா பென் டிரைவ்ல நாலு படம் கொண்டாருவான். மெஸ் டிவியில சொருகி ஆறு மாசம் அதையே பார்ப்போம்.”

பென் டிரைவ் டிவியில் போயிற்று. ரிமோட்டில் ‘வீடியோ’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்பது பெயர்கள் வந்தன. பெயர் என்றால் தேதியும் நேரமும்தான். முதலாவதை அமுக்கினாள்.

திரை கறுத்தது. நடுவில் ஒரு சாம்பல் பட்டையில் எழுத்து வந்தது: இந்த வீடியோ வகைக்கு ஆதரவு இல்லை.

ஆனால் சத்தம் வந்தது.

செருப்புகள் தரையில் உரசும் சத்தம். யாரோ இருமினார்கள். லிஃப்ட் கதவு திறந்து மூடியது. பிறகு அக்காவின் குரல், இருபத்திரண்டு நாளுக்கு முந்தைய குரல், கூடம் முழுக்க: “தயவு பண்ணி யாரும் போனை எடுக்காதீங்க. அவ ஒருத்தி எடுக்கிறா, அது போதும்.”

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அத்தான் ரிமோட்டை எடுக்கக் கை நீட்டினார். அப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“சத்தத்த ஏத்து.”

சின்னவள் ஏற்றினாள். முப்பது, நாற்பது, ஐம்பத்தைந்து. எதிர்வீட்டு அம்மாவின் குரல்: “ஏதாவது சாப்டியாம்மா?” ஒரு குரல், “ம்” என்றது. அது தன் குரல் என்று புரியச் சின்னவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பதில் சொன்னது போல இருந்தது. சாப்பிட்டேனா அன்றைக்கு என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை.

நாற்பது நொடியில் முதல் வீடியோ முடிந்தது. டிவி தானாகவே அடுத்ததற்குப் போயிற்று. மறுபடி அதே சாம்பல் பட்டை, அதே செருப்புச் சத்தம். நான்கு பேரும் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

“படம் ஏன் வரல?” என்றார் அப்பா.

“போன்ல இடம் பத்தலன்னு, வீடியோவ அமுக்கிச் சின்னதா சேமிக்கிற மாதிரி வெச்சிருந்தேம்பா. புது முறை. இந்த டிவிக்கு அது படிக்கத் தெரியாது. சத்தம் பழைய முறைதான், அதனால அது மட்டும் வருது.”

“எல்லாத்துலயும் சிக்கனம்” என்றாள் அக்கா. கேலியாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது.

அத்தான் எழுந்து சட்டையை மாட்டினார். “எச்டிஎம்ஐ வயர் வாங்கிட்டு வரேன். எத்தனை லிஃப்டுக்கு உயிர் குடுத்திருக்கேன், ஒரு போனுக்குக் குடுக்க முடியாதா.”

போகவேண்டாம் என்று சின்னவள் சொல்லியிருக்கலாம். அவளுடைய போனின் வாயில் சார்ஜ் ஏறும், கோப்பு போகும், படம் வெளியே வராது. விலை கூடின போன்களில்தான் அந்த வசதி. நோட்டில் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் அதையும் எழுதியிருந்தாள். ஆனால் கேள்விக்குறி கேள்விக்குறிதானே. ஒருவேளை வந்துவிட்டால்? வரக் கூடாது என்று நினைக்கிறோமா, வரவேண்டும் என்று நினைக்கிறோமா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல, தன்னைத் தானே தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

முக்கால் மணி கழித்து அத்தான் வந்தார். ஒரு குட்டிப் பெட்டியும் இரண்டு மீட்டர் வயரும். “கடைக்காரன் சத்தியம் பண்ணிட்டான். எல்லாப் போனுக்கும் வருமாம்.”

குட்டிப் பெட்டியின் ஒரு நுனி போனில், மறுபக்கம் வயர், வயரின் மறுநுனி டிவியின் முதுகில். அதற்காக டிவியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் இழுக்க வேண்டியிருந்தது. பின்னால் அம்மா ஒட்டியிருந்த ஒரு சீட்டு தெரிந்தது, உத்தரவாதம் முடியும் தேதி எழுதி. அத்தான் அதைப் பார்க்காதது போல வயரைச் சொருகினார். டிவியில் ‘எச்டிஎம்ஐ 2’ என்று மாற்றினார்கள்.

சிக்னல் இல்லை.

பெட்டியைத் திருப்பிச் சொருகினார். ஊதிச் சொருகினார். எச்டிஎம்ஐ 1-க்கு மாற்றினார். சிக்னல் இல்லை.

“உங்க போன்ல போட்டுப் பாருங்க” என்றாள் அக்கா.

“என் போன் வாய் பழைய காலத்து வாய், இது நுழையவே நுழையாது.”

“உங்க வாயும்தான். என் போனும் இவளோடதும் ஒண்ணா வாங்கினது. அதுவும் இப்படித்தான் இருக்கும்.” அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். எல்லாரும் அதை ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

கூடத்தில் மத்தியான வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கோடு கோடாக விழுந்திருந்தது. அக்கா தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். அவர் நான்கு வாய் சாப்பிட்டார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து, சின்னவளின் தலையில் ஒருமுறை கை வைத்து எடுத்தார்.

“விடு. நீ என்ன பண்ணுவ. அந்தப் பென் டிரைவையே குடுத்துடு. மெஸ்ல போன வருஷம்தான் புது டிவி மாட்டினாங்க, இதவிடப் புதுசு. அதுக்கு இந்த முறையெல்லாம் தெரியும். எட்டு நாள்ல போயிடுவேன், அங்க போய்ப் பார்த்துக்கறேன்.”

இதோடு முடிந்தது. பென் டிரைவைக் கொடுத்தால் போதும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

சின்னவள் பென் டிரைவை டிவியிலிருந்து எடுத்தாள். கொஞ்சம் சூடாக இருந்தது. அந்த மெஸ்ஸை அவள் பார்த்ததில்லை. ஆனால் அப்பா சொல்லிச் சொல்லி எல்லாம் தெரியும். தரையோடு திருகி வைத்த மேஜை, ஈரத் துணி விரித்த தட்டுகள், சுவரில் டிவி. எல்லாரும் வேலைக்குப் போன நேரம் பார்த்து அப்பா தனியாக வந்து சொருகுவார். முதல் வீடியோ, தரை. இரண்டாவது, செருப்பு. முகம் அடுத்ததில் வரும் என்று உட்கார்ந்திருப்பார். ஐந்தாவது. ஏழாவது. ஒன்பதாவது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடுவார், எங்கேயோ தவற விட்டுவிட்டோம் என்று. சுற்றிலும் கடல். கேட்க ஆள் இருக்காது.

“அப்பா” என்றாள். “இன்னொரு வழி இருக்கு.”

மூவரும் திரும்பினார்கள்.

“வயர் வேண்டாம். நெட்டும் வேண்டாம். வந்துடும். முந்தாநாளே போட்டுப் பார்த்தேன்.”

“அப்புறம் என்னத்துக்கு என்னைக் கடைக்கு அலையவெச்ச?” என்றார் அத்தான்.

“அதுல அம்மா முகம் இல்லப்பா.” நோட்டைப் பார்த்து வாசிப்பது போலச் சொன்னாள். “பட்டனை மாத்தி மாத்தி அமுக்கிட்டேன். எடுக்கணும்னு அமுக்கினப்ப நின்னுபோச்சு, நிறுத்தணும்னு அமுக்கினப்ப எடுத்துச்சு. ஒன்பதுலயும் தரைதான் இருக்கு. கால்தான் இருக்கு.”

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்தார்கள், அது கிளம்பவில்லை, மறுபடி உதைத்தார்கள்.

“நான் எல்லார் போனையும் உள்ள வைக்கச் சொன்னேனே” என்றாள் அக்கா. “ஒருத்தர விடலியே நான். வாசல்லயே நின்னு…” முடிக்காமல் சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் ஓடியது. அத்தான் எழுந்து பின்னாலேயே போனார்.

அப்பா சின்னவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நீ பாத்தியா? முகத்த?”

“இல்லப்பா. ஜன்னலப் பாத்தேன்.”

“ம்” என்றார். டிவி பக்கம் திரும்பி, “போடு” என்றார்.

“தரைதாம்பா.”

“தரையப் போடு.”

சின்னவள் வேலையை ஆரம்பித்தாள். கைக்குத் தெரிந்த வேலை. ரிமோட்டில் உள்ளீட்டுப் பட்டியலைத் திறந்து ஸ்கிரீன் மிரரிங் என்ற இடத்துக்குப் போனாள். டிவி, இணைப்புக்காகக் காத்திருப்பதாகச் சொன்னது. போனை விமானப் பயன்முறைக்கு மாற்றினாள். நடுவில் யாரிடமிருந்தாவது அழைப்போ செய்தியோ வந்தால் அதுவும் டிவியில் தெரியும். திரையில் இருப்பது அத்தனையும் அங்கே போகும், இதில் ஒளிப்பதற்கு இடமில்லை. பிறகு வைஃபையை மட்டும் திரும்பப் போட்டாள். எந்த இணைப்பிலும் சேரவில்லை, சும்மா உயிரோடு இருந்தால் போதும்.

அத்தான் திரும்பி வந்து பின்னால் நின்று பார்த்தார். “நெட்டே இல்ல, அப்புறம் எதுக்கு வைஃபை?”

“வைஃபை வேற, நெட் வேற அத்தான். வாக்கிடாக்கி மாதிரின்னு வெச்சுக்கங்க. போனும் டிவியும் நேரா பேசிக்கும். நடுவுல அந்தப் பெட்டி வேண்டாம்.”

“டிவிக்குத்தான் இந்த வீடியோ படிக்கத் தெரியாதே?”

“படிக்கிறது போன். படிச்சத டிவிக்குத் தெரிஞ்ச முறையில மாத்தி அனுப்பிடும்.”

போன் தேடியது. பட்டியலில் டிவியின் பெயர் வந்தது. தொட்டாள். டிவி அனுமதி கேட்டது. ரிமோட்டில் ‘சரி’ என்றாள். சில நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு போனின் முகப்பு திரையின் நடுவே ஒல்லியாக நிமிர்ந்து நின்றது, இரண்டு பக்கமும் கறுப்பு. கேலரியைத் திறந்து, போனைப் படுக்கவைத்தாள். படமும் படுத்துக்கொண்டு திரை முழுக்க விரிந்தது. அத்தான் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

முதல் வீடியோ. நடையின் தரை, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். நிறையக் கால்கள்.

நாற்பது அங்குலத்தில் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது. போனில் வெறும் அசைவாகத் தெரிந்தவை இங்கே ஆட்களாக இருந்தன. வெடித்த குதிகால், மருதாணி போகாத விரல், கட்டுப்போட்ட கணுக்கால்.

“இது யாரு?” என்றார் அப்பா, விரலை நீட்டி.

“எதிர்வீட்டம்மா. வெள்ளச் செருப்பு அவங்களுது.”

“அவளுக்குக் கால் இவ்வளவு வீங்கியா இருக்கு? சொல்லவே இல்ல. இது?”

“லாண்டரி முதலாளி.”

“வந்தானா?” அப்பா கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். “இத்தன வருஷத்துல அவளுக்கு ஒரு நாள் லீவு குடுத்திருப்பானா? அன்னிக்கு அவன் வந்திருக்கான். சரி. இது யாரு, ஒரு கால்ல நீலம், ஒரு கால்ல பழுப்பு?”

அத்தான் தொண்டையைச் செருமினார். “நான்தான். அவசரத்துல சாக்ஸ்…”

“அன்னிக்கு முழுக்க இப்படியா இருந்தீங்க?” சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். முகம் கழுவியிருந்தாள். “எத்தனை பேர் பாத்திருப்பாங்க.”

“எல்லாரும் மேல பாத்தாங்க. இவ மட்டும்தான் கீழ பாத்திருக்கா.”

அப்பாவிடமிருந்து ஒரு மூச்சு வந்தது. சிரிப்பு மாதிரி. அக்கா வந்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். சின்னவளைப் பார்க்கவில்லை. ஆனால் தள்ளியும் உட்காரவில்லை.

அப்படியே ஆறு வீடியோ போயிற்று. எல்லாக் கால்களுக்கும் பெயர் கேட்டார் அப்பா. தெரியாத கால்களும் இருந்தன. அவற்றுக்கு அக்காவும் அத்தானும் சண்டை போட்டார்கள். படம் டிவியில் அரை நொடி பின்தங்கி வந்தது. சின்னவள் போனில் முதலில் பார்த்தாள், மற்ற மூவரும் பிறகு பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த அரை நொடி அவள் தனியாக இருந்தாள்.

ஏழாவது, மாடிப்படி. ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் நுழையாது என்று படி வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்கிய நேரம். போன் அவள் கையில் தலைகீழாகத் தொங்கியிருக்க வேண்டும். சுவர், கைப்பிடிக் கம்பி, யாருடைய முழங்கையோ. குரல்கள்: “மெதுவா, மெதுவா, திருப்பு, உன் பக்கம் இறக்கு.” திருப்பத்தில் எல்லாரும் நின்றார்கள். படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணி வந்தது. ஒருபக்கம் விலகியிருந்தது. அதற்கடியில் ஒரு பாதம்.

மூன்று நொடி இருக்கும். ஒரு கை வந்து துணியை இழுத்து மூடியது. அக்காவின் கை.

போனில் இதை அவள் எத்தனையோ தடவை ஓடவிட்டிருக்கிறாள். துணி என்று மட்டும் நினைத்திருந்தாள்.

“நிறுத்து” என்றார் அப்பா. பிறகு, “பின்னால போ.”

சின்னவள் விரலால் மெதுவாக இழுத்தாள். கை விலகியது, துணி விலகியது. நிறுத்தினாள். பாதம் திரையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் கலங்கலாக, சாய்வாக. இரண்டாவது விரல் பெருவிரலின் மேல் ஏறியிருந்தது. அம்மாவுக்கு எப்போதும் அப்படித்தான். எந்தச் செருப்பும் சரியாகச் சேராது. பஸ்ஸில் இடம் பிடிக்க வந்தவள் மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கிறாள் பார் என்று அப்பா ஒவ்வொரு விடுமுறையிலும் சொல்வார். அம்மா அந்தக் காலாலேயே எட்டி உதைப்பாள்.

இப்போது அவர் அதைச் சொல்லவில்லை. எழுந்து டிவியின் அருகே போனார். வயருக்காக இழுத்துவைத்திருந்ததால் டிவி கொஞ்சம் ஆடியது. ஒரு கையால் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு பெருசா” என்றார். வழக்கமான உரத்த குரலில் இல்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அக்கா கைப்பிடியிலிருந்து சரிந்து சோபாவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அத்தான் அவள் முதுகைத் தடவினார். சின்னவளுக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. நானும் அழவேண்டும்தானே என்று நினைத்தாள். காத்துப் பார்த்தாள். விரல் நுனிகள் மட்டும் குளிர்ந்திருந்தன.

“அந்தப் பென் டிரைவ்ல இதும் இருக்கா?” என்றார் அப்பா, திரும்பாமலே.

“இருக்குப்பா. எதுக்கும் கிளாஸ் கம்ப்யூட்டர்ல பழைய முறைக்கு மாத்திப் போட்டுத் தரேன். எந்த டிவியிலயும் வரும்.”

“எல்லாத்தையும் போடு. காலெல்லாம் இருக்கட்டும்.”

“சரிப்பா.”

அவர் நாற்காலியை இழுத்தார். அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி. டிவிக்கு இரண்டடி தூரத்தில் போட்டு அதில் உட்கார்ந்தார்.

சின்னவளின் கையில் போன் திரை மங்கியது. ஓடாமல் நின்ற படம் என்பதால் போன் தூங்கப் பார்த்தது. பூட்டிக்கொண்டால் இணைப்பு அறுந்துவிடும், டிவியில் பாதம் போய்விடும். ஓரமாகத் தொட்டாள். வெளிச்சம் வந்தது. கீழே பட்டன் வரிசை ஒன்று தோன்றி, அரை நொடி கழித்து டிவியிலும் தோன்றி, தானாகவே மறைந்தது.

“வேற ஏதாவது போடவாப்பா?”

“இருக்கட்டும்.”

அமைப்புகளுக்குள் போய்த் திரை அணையும் நேரத்தைக் கூட்டிவிடலாம். ஆனால் அதற்கு இந்தப் படத்தை விட்டு வெளியே போக வேண்டும். டிவியிலும் அது போகும். போகவேண்டாம் என்று முடிவு செய்தாள். இரண்டு நிமிடத்தில் அணைகிற போன். ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டால் போதும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், நேரம் வந்ததும் ஓரமாகத் தொட்டாள். பாதம் அணையாமல் நின்றது.